108 வரும்வரை உங்கள் கைகள்தான் மருந்து

பைக் விபத்தில் ஒருவருக்குத் தொடை கிழிந்து ரத்தம் பீறிடுகிறது. 108-க்குச் சொல்லியாகிவிட்டது. அடுத்து என்ன?

துண்டு, துப்பட்டா எதுவானாலும் மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரு கைகளாலும் உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துங்கள். ‘நின்றுவிட்டதா’ என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்துவிடும். துணி நனைந்தால் மேலேயே இன்னொன்றை வைத்து, இன்னும் பலமாக அழுத்துங்கள். அப்படியும் கை, காலில் ரத்தம் நிற்காவிட்டால், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலத் துணியைக் கட்டி, அதில் குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். மருத்துவர் வரும்வரை அவிழ்க்காதீர்கள்.

ரத்தம் நின்ற பிறகும் ஆளைக் கவனியுங்கள். உதடு வெளிறி, தோல் சில்லிட்டு வியர்த்து, நாடி வேகமாகவும் மெலிதாகவும் துடித்து, பேச்சு குழறினால் அது ‘ஷாக்’. உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகவில்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் வெளிக்காயமே இல்லாமலும் இது வரும். அவரை உட்கார வைக்காமல் படுக்க வைத்துப் போர்த்துங்கள். தாகம் என்று கேட்பார். தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். புரையேறலாம், அறுவை சிகிச்சைக்கும் இடைஞ்சல்.