தீபாவளிப் பலகாரப் பெட்டி: முன்பதிவு வாசகம் எழுதும் முறை

தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்கள், பெட்டியின் படத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் சில வரிகள் போடுவார்கள். அதுவே முன்பதிவு வாசகம். என்ன, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த ஊருக்கு, பணம் எப்படி என்ற கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருந்தால் போனில் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிராது.

கடைசித் தேதியைத் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் குறிக்க வேண்டும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. பெட்டியில் அதிரசம் இருந்தால், பாகில் கிளறிய மாவு இரண்டு மூன்று நாளாவது ஊற வேண்டும். 17, 18 தேதிகளில் பெட்டி வீடு சேர 15, 16இல் சுட வேண்டும். 12ஆம் தேதி மாவு கிளற வேண்டும். எத்தனை கிலோ அரிசி, வெல்லம் என்பது அதற்கு முன்பே தெரிய வேண்டும். ஆகவே 11ஆம் தேதி இரவோடு ஆர்டரை முடிப்பதே சரி. பால்கோவா போன்ற பால் இனிப்புகள் சீக்கிரம் கெடும். நாலைந்து நாள் முன்பே தயாராகும் பெட்டியில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

மதுரையில் விற்பவருக்கான வாசகம் இப்படி அமையலாம்:

“தீபாவளி பலகாரப் பெட்டி, 1 கிலோ ரூ.800. ஆர்டருக்குக் கடைசி: அக்டோபர் 11, சனி, இரவு 8 மணி.
அதிரசம், மைசூர் பாகு, ரவா லட்டு, முறுக்கு – தலா 250 கிராம்.
டெலிவரி அக்டோபர் 17, 18: மதுரை அண்ணா நகர், கே.கே. நகர், சிம்மக்கல் மட்டும், கட்டணம் ரூ.40. மற்றவர்கள் நேரில் வாங்கிக்கொள்ளலாம்.
அட்வான்ஸ் ரூ.400 ஜிபேயில், மீதி பெட்டி வாங்கும்போது. அட்வான்ஸ் வந்த பிறகே ஆர்டர் உறுதி.”

விலையும் கடைசித் தேதியும் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிகளே கண்ணில் படும். மீதியைத் தொட்டுத் திறந்தால்தான் தெரியும். ‘தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு வரை’ என்று எழுதினால் ஆளுக்கொரு நாளாக எண்ணுவார்கள். தேதி, கிழமை, மணி மூன்றும் இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

ஊர்ப் பெயரையும் விடக்கூடாது. அண்ணா நகரும் கே.கே. நகரும் சென்னையிலும் உண்டு. படத்தை யாராவது பகிர்ந்துவிட்டால் அங்கிருந்தும் ஆர்டர் வரும்.

பலகாரம் கைவிடப்பட்டால் பண்டிகைக்குப் பிறகு விற்காது என்பதால்தான் பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கப்படுகிறது. பணம் போட்டதாக வரும் ஸ்கிரீன்ஷாட் போலியாகவும் இருக்கலாம். வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பிறகே பெயரைப் பட்டியலில் எழுத வேண்டும். கடைசி நேரம் கடந்ததும் ‘ஆர்டர் முடிந்தது’ என்று அதே வாசகத்தின் முதல் வரியில் சேர்த்துவிட வேண்டும்.