சுற்றறிக்கை வந்தால் தூக்கிப் போடாதீர்கள்

“குறித்த தேதிக்குள் அடையாளச் சான்று, முகவரி, வங்கி விவரங்களைப் புதுப்பியுங்கள்; தவறினால் உரிமத் தொகை வழங்கத் தாமதமாகலாம்” என்று காப்பீட்டு நிறுவனங்களிலிருந்து நமக்கு அடிக்கடி கடிதம் வருகிறது. 2023 ஜனவரி முதல் புதிய பாலிசிகளுக்கு அடையாளச் சரிபார்ப்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியது. பழைய பாலிசிதாரர்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள். நம்மில் பலர் பழைய பாலிசிதாரர்கள்தான்.

என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் 1999-ல் திருச்சியில் 25 ஆண்டு பாலிசி எடுத்தார். பிறகு மாற்றலாகிப் பெங்களூர் வந்து இங்கேயே தங்கிவிட்டார். 2024-ல் பாலிசி முதிர்ந்தது. பணம் வரவில்லை, கடிதமும் வரவில்லை. விசாரித்தபோதுதான், கடிதம் திருச்சியில் அவர் என்றோ காலி செய்த வாடகை வீட்டுக்குப் போயிருப்பது தெரிந்தது. ஆதாரில் அவர் முகவரியை மாற்றியிருந்தார். அதனால் பாலிசியிலும் தானே மாறிவிடும் என்று நினைத்துவிட்டார். அது மாறாது, தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் வங்கி. அவர் கொடுத்திருந்தது விஜயா வங்கிக் கணக்கு. அந்த வங்கி 2019 ஏப்ரலில் பாங்க் ஆஃப் பரோடாவுடன் இணைந்தது. VIJB என்று தொடங்கும் ஐ.எஃப்.எஸ். குறியீடு 2021 மார்ச் முதல் செல்லாது. சிண்டிகேட் வங்கியின் SYNB-யும் அதே ஆண்டு ஜூலையில் போயிற்று. நம் ஊரில் இவ்விரு வங்கிகளிலும் கணக்கு வைத்திருந்தவர்கள் ஏராளம். புதுக் காசோலைப் புத்தகத்தில் ஐ.எஃப்.எஸ். குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகளைப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் பதிவாகியிருப்பது வேறாக இருந்தால், பெயர் அச்சிட்ட காசோலை ஒன்றை ரத்து செய்து, வங்கி விவரப் படிவத்துடன் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, நம்மவர்களுக்கே உரிய தொல்லை: தலையெழுத்து. பாலிசியில் ‘கே. சுப்பிரமணியன்’ என்று இருக்கும். பான் அட்டைக்குத் தலையெழுத்தை விரித்து எழுதச் சொல்வார்கள். எனவே தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகி ‘சுப்பிரமணியன் குப்புசாமி’ ஆகிவிடும். ஆதாரிலோ ‘சுப்பிரமணியன் கே’. நமக்கு மூவரும் ஒருவர்தான். கவுண்டரில் இருக்கும் இளைஞருக்கு மூன்று பேர்! நண்பரிடம், இரண்டு பெயரும் தம்முடையவையே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். அதைக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது. முதிர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே இதை முடித்திருந்தால் அலைச்சல் இல்லை.

கேட்பாரற்ற தொகை பத்தாண்டு தாண்டினால் மத்திய அரசின் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். அதன் பிறகும் 25 ஆண்டுகள் வரை நிறுவனத்திடமே விண்ணப்பித்துப் பெறலாம். காலஞ்சென்ற பெற்றோரின் பெட்டியில் பழைய பாலிசிப் பத்திரம் கிடைத்தால் கிழித்துவிடாதீர்கள்.

குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டு மட்டும் எதையும் புதுப்பிக்க வேண்டாம். பிரீமிய ரசீதில் உங்கள் கிளையின் பெயர் இருக்கும். அது வெளியூர்க் கிளையானால், பாலிசியைப் பெங்களூர்க் கிளைக்கு மாற்றித் தரும்படி இங்குள்ள கிளையிலேயே கேட்டுப் பாருங்கள்.