‘டெலிவரி இலவசம்’ தரும் தலைவலி

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்றை லண்டனில் இருக்கும் ஒருவருக்கு இணையத்தில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு 120 பவுண்டு, அனுப்பும் செலவு 25 பவுண்டு. இரண்டையும் சேர்த்து “145 பவுண்டு, டெலிவரி இலவசம்” என்று போட்டால் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பிரிட்டனில் 135 பவுண்டு என்பது ஒரு எல்லைக்கோடு. பார்சலில் உள்ள பொருளின் மதிப்பு அதற்குள் இருந்தால் சுங்கத் தீர்வை கிடையாது. 20 சதவீத வாட் வரி மட்டும் விற்கும்போதே வாங்கப்படும். பெரிய விற்பனைத் தளம் வழியாக விற்றால் தளமே வசூலித்துக் கட்டிவிடும். சொந்த இணையதளத்தில் நேரடியாக விற்பவர் பிரிட்டனில் வாட் பதிவு செய்திருக்க வேண்டும்.

அனுப்பும் செலவு இன்வாய்ஸில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால், அந்த 135 கணக்கில் அது சேராது. விலைக்குள் ஒளிந்திருந்தால் சேரும். ஆக, 120 + 25 என்று பிரித்து எழுதிய பார்சல் கோட்டுக்கு உள்ளே நிற்கிறது. 145 என்று எழுதியது வெளியே போய்விடுகிறது. விளக்கு அதேதான்!

வாட் இரண்டு வழியிலும் 145-க்குத்தான், 29 பவுண்டு. முதல் வழியில் வாங்குபவர் அதைப் பணம் கட்டும்போதே பார்த்துவிடுகிறார். இரண்டாவது வழியில், அந்தப் பொருளுக்குத் தீர்வை இருந்தால் அதுவும், அதன் மேல் வாட்டும், வரியை வசூலிக்கும் கூரியர் அல்லது தபால் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேர்ந்து வரும். கட்டும்வரை பார்சல் கைக்கு வராது. பலர் கோபத்தில் வாங்க மறுத்துவிடுவார்கள். விளக்கு கும்பகோணம் திரும்பும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்.

எனவே 135-க்கு மேல் விற்கும்போது விலைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்: “இந்த விலையில் உங்கள் நாட்டு வரி சேரவில்லை. வாட், தீர்வை இருந்தால் அது, கையாளும் கட்டணம் ஆகியவற்றை நீங்கள் அங்கே கட்ட வேண்டியிருக்கும்.” சரியான தொகையை வாக்குறுதியாகத் தர வேண்டாம், அதை முடிவு செய்வது சுங்கத்துறை. “கிஃப்ட் என்று போட்டு அனுப்புங்களேன்” என்று கேட்பவர்களும் உண்டு. விற்ற பொருள் பரிசு ஆகாது. விலையைக் குறைத்துக் காட்டினாலோ, பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது.

நாள் கணக்கைக் கூரியர் விளம்பரத்திலிருந்து எடுக்காமல் உங்கள் பழைய டிராக்கிங்கிலிருந்து எடுங்கள். கடைசியாக அனுப்பிய பத்தில் எட்டு 9 முதல் 14 நாளில் போய், ஒன்று சுங்கத்தில் சிக்கி 23 நாள் எடுத்திருந்தால், அப்படியே சொல்லலாம்: “பேக்கிங் 3 நாள். அனுப்பியபின் வழக்கமாக 9–14 நாள், சுங்கத்தில் நின்றால் மூன்று வாரத்துக்கு மேல்.” அதில் ‘அனுப்பியபின்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், ஆர்டர் போட்ட நிமிடத்திலிருந்தே வாங்குபவர் நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்.