நெறியாளருக்கு எழுதும் முதல் மடல்

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடுபவர், நெறியாளராக வரக்கூடிய பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலுக்கு ஒரே வேலைதான் உண்டு. இவரிடம் பேசிப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். இடம், உதவித்தொகை, விசா எல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு.

மடலுக்கு உள்ள மதிப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் பேராசிரியர் ஒருவர் ஏற்றுக்கொள்வதுதான் பல துறைகளில் முதல் படி. டி.ஏ.ஏ.டி. அமைப்பின் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர், வழிகாட்டச் சம்மதிக்கும் ஜெர்மன் பேராசிரியரின் கடிதத்தை இணைத்தாக வேண்டும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் விண்ணப்பத்துக்கு முன்பே நெறியாளரிடம் பேசி வைப்பது வழக்கம். அமெரிக்காவின் உயிரியல் துறைகள் பலவற்றில் தேர்வுக்குழுதான் மாணவரை எடுக்கிறது. மாணவர் முதலாண்டில் சில ஆய்வகங்களில் மாறி மாறி வேலை செய்த பிறகே நெறியாளர் முடிவாகிறார். இந்தியாவில் நெட், கேட் போன்ற தேர்வுகளுக்கும் நேர்காணலுக்கும் இந்த மடல் ஈடாகாது.

பேராசிரியர்களின் அஞ்சல்பெட்டியில் இத்தகைய மடல்கள் குவிகின்றன. மொத்தமாக அனுப்பியவை பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பெண் பேராசிரியரை ‘டியர் சார்’ என்று விளித்திருக்கும். ‘உங்கள் மகத்தான ஆய்வு என்னைக் கவர்ந்தது’ என்றிருக்கும், எந்த ஆய்வு என்று இருக்காது. கட்டுரைத் தலைப்பு மட்டும் வேறு எழுத்துருவில், சற்றே பெரிதாகத் தெரியும். வலைப்பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டியதன் தடயம் அது.

பொருத்தத்தைக் காட்ட நல்ல வழி, அந்தப் பேராசிரியரின் ஒரு கட்டுரையை முழுதாகப் படித்து, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பதுதான். சுருக்கத்தைப் படித்தால் மட்டும் அப்படிக் கேள்வி பிறக்காது. செய்முறைப் பகுதி, அட்டவணைகள், இணைப்புத் தரவுகள் வரை போக வேண்டும்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். முதுநிலை புவியியல் முடித்த ஒருவர் தருமபுரிப் பகுதிக் கிணற்று நீரில் புளோரைடை அளந்திருக்கிறார். அங்கே நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பது பழைய பிரச்சினை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அவர் எழுதப்போகும் வெளிநாட்டுப் பேராசிரியரும் கடினப் பாறைப் பகுதி நீரில் இதையே ஆராய்பவர். மடல் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் நடுப்பகுதியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“முதுநிலை ஆய்வேட்டுக்காகத் தருமபுரி மாவட்டத்தில் 32 கிணறுகளை மழைக்கு முன்னும் பின்னும் அளந்தேன். பெரும்பாலானவற்றில் மழைக்குப் பின் புளோரைடு குறைந்தது, ஐந்தில் மட்டும் கூடியது. உங்கள் கட்டுரையின் மூன்றாம் அட்டவணையிலும் அப்படி நான்கு கிணறுகளைப் பார்த்தேன். அவற்றில் குளோரைடும் சேர்ந்து கூடியதா? என்னுடைய ஐந்தில் மூன்றில் குளோரைடு கூடவில்லை, கால்சியம்தான் குறைந்திருந்தது.”

இந்தக் கேள்விக்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. கோடையில் நீர் ஆவியாகி, மேல்மண்ணில் உப்பு தங்கும். முதல் மழை அதைக் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டுசென்றால் குளோரைடும் புளோரைடும் சேர்ந்தே ஏறும். குளோரைடு பாறையோடு அவ்வளவாக வினைபுரிவதில்லை. ஆகவே அது ஏறாமல் புளோரைடு மட்டும் ஏறினால், கழுவி வந்த உப்பைக் காரணமாகச் சொல்வது கடினம். அப்போது சந்தேகம் கால்சியத்தின் மேல் திரும்பும். நீரில் கால்சியம் நிறைய இருக்கும்வரை அது புளோரைடோடு சேர்ந்து புளோரைட் என்ற கனிமமாகப் படிந்து, அளவைக் கட்டுக்குள் வைத்திருக்கும். கால்சியம் சுண்ணமாகப் படிந்தோ, களிமண்ணில் உள்ள சோடியத்தோடு இடம் மாறியோ குறைந்தால், பாறையிலிருந்து மேலும் புளோரைடு கரைய இடம் கிடைக்கும்.

இவ்வளவையும் மடலில் விளக்கத் தேவையில்லை. துறைக்காரருக்கு ‘குளோரைடு’ என்ற ஒரு சொல்லே போதும். கேட்பவர் களத்தில் இறங்கி அளந்தவர், தன் தரவில் உறுத்தும் இடத்தைக் கண்டவர், அதைப் பிரித்தறியும் வழியும் தெரிந்தவர் என்பது மூன்று வரிகளில் விளங்கிவிடுகிறது. ‘எனக்கு நீர் வேதியியலில் மிகுந்த ஆர்வம்’ என்று ஒரு பக்கம் எழுதினாலும் இது வராது. பேராசிரியருக்கும் வேலை குறைவு. தரவைப் புரட்டி ‘ஆம், இரண்டில் கூடியது’ என்று ஒரே வரியில் பதில் எழுதலாம்.

கேள்வி பல விதங்களில் கெட்டுப்போகும். ‘உங்கள் ஆய்வகத்தில் இடம் உண்டா?’ என்பது ஆய்வுக் கேள்வியே அல்ல. அதை மடலின் இறுதியில், எந்தப் பருவத்தில் சேர விருப்பம் என்பதோடு ஒரு வரியில் கேட்டால் போதும். ‘புளோரைடு ஆய்வின் எதிர்காலம் என்ன?’ என்று கேட்டால் பதிலுக்கு ஒரு புத்தகம் எழுத வேண்டும். ‘ஏன் மூன்று பருவங்களில் மாதிரி எடுக்கவில்லை?’ என்பது வாய்மொழித் தேர்வாளரின் தொனி. எல்லாவற்றிலும் மோசம், கட்டுரையிலேயே விடை இருக்கும் கேள்வி. அனுப்பும் முன் இணைப்புத் தரவையும், அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும் பிற்காலக் கட்டுரைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தச் சங்கடம் வராது. அந்தக் குழு அந்தத் தலைப்பில் இன்னும் வேலை செய்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஆறேழு ஆண்டுக்கு முன் முடிந்த திட்டத்தைப் பற்றிக் கேட்டால் பதில் அன்பாக வரலாம், இடம் வராது.

மற்றவை சிறு விஷயங்கள். மடல் சுமார் இருநூறு சொற்களுக்குள் முடியட்டும். தலைப்பு வரியில் ஆய்வுப் பொருளும் சேர விரும்பும் ஆண்டும் இருந்தால் நல்லது. தன்விவரமும் மதிப்பெண் பட்டியலும் ஒரே பி.டி.எஃப். கோப்பாகப் போதும். கோப்பின் பெயர் ‘நியூ சி.வி. ஃபைனல்’ என்றில்லாமல் அனுப்புபவரின் பெயராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டவருக்கு முதலெழுத்துச் சிக்கல் தனி. எது சொந்தப் பெயர், எது தந்தை பெயர் என்று வெளிநாட்டவருக்குப் புரியாது. கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரை எழுதி, எப்படி அழைக்கலாம் என்பதையும் கையொப்பத்தில் காட்டிவிடலாம். ஒரே துறையில் இரண்டு பேராசிரியர்களுக்கு ஒரே வாரத்தில் எழுதாமலிருப்பது நல்லது. அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்கள்.

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் அதே மடலுக்குக் கீழே இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதற்கு மேல் வேண்டாம். ‘இணையதளத்தில் விண்ணப்பியுங்கள்’ என்று மட்டும் பதில் வந்தால் அது மறுப்பல்ல, விண்ணப்பிக்கலாம். கேள்விக்கே பதில் வந்தால் ஓரிரு நாளில் நன்றி சொல்லி, அந்தப் பதிலை ஒட்டி ஒரு பக்க ஆய்வுத் திட்டம் அனுப்பலாமா என்று கேட்பதுதான் அடுத்த படி. பதிலே வராதபோது, அதே கேள்வியைப் பெயர் மட்டும் மாற்றி அடுத்தவருக்கு அனுப்பக்கூடாது. அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.