வாரம் ஒருமுறை லாக்கைத் திறந்தால்

2017 ஜனவரி 31, இரவு. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தின் டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய ஃபோல்டரை முதன்மை சர்வரில் அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு நொடிகளில் புரிந்துகொண்டு நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் மிஞ்சியது 4.5 ஜிபி.

கை தவறுவது யாருக்கும் நடக்கும். அதற்குத்தான் பேக்கப். தினமும் டேட்டாபேஸை நகலெடுத்து அமேசான் சேமிப்பகத்தில் போட்டுவைக்கும் தானியங்கி வேலை ஒன்று அங்கே இருந்தது. பொறியாளர்கள் ஓடிப்போய்த் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை.

நடந்தது இதுதான். டேட்டாபேஸ் 9.6 பதிப்புக்கு மாறியிருந்தது. நகலெடுக்கும் `pg_dump` கருவியோ 9.2 பதிப்பாகவே ஓடியது. தன்னைவிடப் புதிய பதிப்பை அந்தக் கருவி நகலெடுக்காது. பிழை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். நின்றதைத் தெரிவிக்கும் மெயிலும் ஒழுங்காகக் கிளம்பியது. ஆனால் அதில் முறையான டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால், போலி மெயில்களைத் தடுக்கும் டிமார்க் என்ற ஏற்பாடு அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. வேறொரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்திருந்த நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

இவ்வளவையும் மறைக்காமல் ஊரறியச் சொன்னது அந்த நிறுவனமே. அதில் பேக்கப் நின்றதைவிட, மெயில் வராததைக் கவனிக்க வேண்டும். ‘ஏதாவது ஆனால் மெயில் வரும்’ என்று நம்பித்தான் எல்லோரும் லாக்கைத் திறக்காமல் விடுகிறோம். அந்த மெயிலை அனுப்புவதும் ஒரு தானியங்கி வேலைதான்; அதுவும் நிற்கும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் ஒருவர் போய் லாக்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

பார்ப்பது என்றால் எதை? ஒரு கடையின் கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்க்கலாம். விற்பனை முழுவதும் கூகுள் ஷீட்டில் ஏறுகிறது. தினமும் இரவு ஒரு ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுந்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புகிறது. ஸ்கிரிப்ட்டின் `Executions` பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டமும் எப்போது தொடங்கியது, எத்தனை நொடி பிடித்தது, எப்படி முடிந்தது என்பது பதிவாகும். முதல் வாரம் 70 நொடி. அடுத்த வாரம் 100. பிறகு 130, பிறகு 160. நான்கு வாரமும் முடிவுக் கட்டத்தில் `Completed` என்றே இருக்கிறது.

முடிவுக் கட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நலம். நொடிகளைப் பார்ப்பவருக்கு வாரம் 30 நொடி ஏறுவது தெரியும். இத்தகைய ஸ்கிரிப்ட் ஒரே ஓட்டத்தில் 6 நிமிடம், அதாவது 360 நொடிக்கு மேல் ஓடக் கூகுள் விடாது. 160இலிருந்து 360க்கு ஏழு வாரம்கூட இல்லை.

பதினோராவது வாரம் 370 நொடி தேவைப்படும்போது ஸ்கிரிப்ட் நடுவிலேயே அறுபடும். அதற்குள் மேலே உள்ள வரிகளுக்கெல்லாம் நினைவூட்டல் போயிருக்கும். போகாதது ஷீட்டின் கடைசியில் இருக்கும் புதிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும். பழையவர்களுக்கு வழக்கம்போல் மெயில் வருவதால் கடையில் யாருக்கும் சந்தேகம் வராது. தோல்வி பற்றிய அறிவிப்போ, அந்த ட்ரிகரை அமைத்தவரின் முகவரிக்கே போகும். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றால் அதைப் படிக்க ஆளில்லை.

நேரம் ஏறுவதற்குக் காரணம் ஷீட் வளர்வது மட்டுமல்ல. ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை கூகுள் சர்வரிடம் போய்க் கேட்டுவிட்டு வருவதுதான் நேரத்தைத் தின்கிறது. மொத்த ஷீட்டையும் ஒரே தடவையில் அள்ளிக்கொண்டால் பெரும்பகுதி நேரம் மிச்சமாகும்:

```
const rows = sheet.getDataRange().getValues();
```

நான்காவது வாரமே பார்த்திருந்தால் இதை நிதானமாக மாற்றியிருக்கலாம்.

நொடிக் கணக்குக்கும் பிடிபடாத கோளாறு ஒன்று உண்டு. ஐந்தாவது பத்தியில் பாக்கித் தொகை இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் அது. யாரோ இடையில் ‘வாட்ஸ்அப் எண்’ என்று ஒரு பத்தியைச் செருகுகிறார். தொகை ஆறாவதுக்கு நகர்ந்துவிடுகிறது. புதிய பத்தி இன்னும் காலியாக இருப்பதால் யாருக்கும் பாக்கியே இல்லை என்று ஸ்கிரிப்ட் முடிவு செய்து, யாருக்கும் எதுவும் அனுப்பாமல், `Completed` என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. அதனால் செய்த வேலையின் அளவையும் லாக்கில் எழுதவைப்பது அவசியம்: `rows=2600 sent=41` என்பது போல ஒரே வரி போதும். நாற்பதுக்குப் பக்கத்திலேயே இருந்த எண் திடீரென்று பூஜ்யமானால் குழந்தைக்கும் புரியும். இந்த எண்களை வாராவாரம் ஒரு தனித்தாளில் குறித்துக்கொள்வதும் நல்லது. மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் போன்றவற்றில் ஓட்ட வரலாறு 28 நாள்தான் நிற்கும்; மூன்று மாதத்துக்கு முந்தைய நிலவரத்தை அங்கே தேடினால் கிடைக்காது.

யாருக்கும் பயன்படாமல் ஓடும் வேலைகள் இன்னொரு வகை. சும்மா கிடந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்கள் நைட் கேப்பிட்டலின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் ‘பவர் பெக்’ என்ற வசதியைப் பயன்படுத்துவதை 2003இல் நிறுத்திவிட்டது. அதன் நிரலை மட்டும் நீக்காமல் விட்டிருந்தது. 2012ஆம் ஆண்டு புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்றும்போது ஒன்று விடுபட்டது. ஆகஸ்ட் 1 காலை, அந்த ஒரு சர்வரில் பழைய பவர் பெக் உயிர்பெற்றுக் கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது. 45 நிமிடத்தில் வந்த நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். சந்தை திறக்குமுன்பே பவர் பெக்கின் பெயரைக் குறிப்பிட்டு 97 மெயில்கள் ஊழியர்களுக்கு வந்திருந்தன என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் பதிவு செய்தது. வந்தவுடன் படிக்கும் வழக்கம் அங்கே இல்லை.

லாக் ஒன்றை மட்டும் சொல்லாது: செய்த வேலை யாருக்காவது தேவைப்பட்டதா என்பதை. திங்கள்தோறும் தவறாமல் தயாராகும் அறிக்கையை ஒருவரும் திறக்காமல் இருக்கலாம். அதைப் பெறுபவர்களைக் கூப்பிட்டுக் கேட்பதே முதல் வழி. தெளிவான பதில் வராவிட்டால் ட்ரிகரை அணைத்துவிட்டு, யார் தேடுகிறார்கள் என்று சில வாரம் பார்க்கலாம். ஆனால் பேக்கப், சம்பளம், வரி சம்பந்தப்பட்டவற்றில் இந்தச் சோதனை கூடவே கூடாது. அவற்றைத் தேடும் நாளில் காலம் கடந்திருக்கும். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு மட்டும் ஓடும் வேலை, ஆகஸ்டில் பார்த்தால் செத்துக் கிடப்பதுபோலத்தான் தெரியும்.

அணைத்ததை உடனே அழிக்கத் தேவையில்லை. யார் அணைத்தார், எந்தத் தேதியில், யாரைக் கேட்டு என்று அதன் குறிப்பில் மூன்று விவரம் எழுதிவைத்து, ஓர் ஆண்டுச் சுற்று முடிந்தபின் நிரலையும் சேர்த்து நீக்கலாம்.