பருவை எடுங்க, மச்சத்தை விடுங்க

“அண்ணா, தாலி கட்டின படத்துல கன்னத்துப் பருவை எடுத்துடுங்க. நெத்தி வியர்வைப் பளபளப்பைக் கொஞ்சம் குறைங்க, முழுசா வேண்டாம். மேலுதட்டு மச்சம், புருவத்துத் தழும்பு, என் நிறம் மூணையும் தொடாதீங்க. முதல்ல ஒரே ஒரு படம் செஞ்சு காட்டுங்க.”

ஆல்பம் வடிவமைக்கும் முன்பே மணப்பெண் இப்படி எழுதிவிட்டால் புகைப்படக்காரருக்குக் குழப்பமில்லை. பரு சில நாளில் போய்விடும், மச்சம் போகாது. எதை நீக்குவது என்பதற்கு அதுவே நல்ல அளவுகோல்.

நிறத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கேட்காமலே வெளுப்பாக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. முகத்தை மட்டும் வெளுத்தால் கழுத்தும் மருதாணிக் கையும் வேறொருவருடையவைபோல நிற்கும். படம் முழுவதையும் வெளுத்தாலோ பட்டின் அரக்குச் சிவப்பு மங்கி, ஜரிகை வேலைப்பாடு வெள்ளையில் கரைந்துவிடும்.

மாதிரிப் படம் வந்ததும் பெரிதாக்கி மூக்கின் ஓரத்தைப் பாருங்கள். தோலின் நுண்துளைகள் தெரிய வேண்டும். மெழுகுபோல வழவழவென்றிருந்தால் கைவேலை மிஞ்சிவிட்டது, குறைக்கச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தால் அதுவே நுணுக்கத்தைத் தின்றுவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிவிட்டு அப்புறம் குறை சொல்லுங்கள்.