உறவின் முறை – 7: அத்தைக்கு நான் ஏன் மருமகள்?

டொராண்டோவில் வளரும் என் தம்பி மகளுக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறைக்கு மதுரைக்கு வந்திருந்தாள். “என்னடி மருமகளே, சாப்பிட்டியா?” என்று கேட்டேன். பதிலுக்கு அவளிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: “அத்தை, மருமகள்னா பையனைக் கட்டிக்கிட்டவங்கதானே? சின்ன அத்தை பொண்ணை மட்டும் மகள்னு சொல்றீங்க. நான் மட்டும் ஏன் மருமகள்?”

இந்தக் கேள்விக்குள் தமிழ் உறவுமுறையே அடங்கியிருக்கிறது. அவள் பள்ளியில் பழகிய ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’, ‘கசின்’ மூன்றையும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைத்தாலும் குழந்தைக்குப் புரியாது. அதனால் ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தேன்.

அண்ணன் தம்பிகள் ஒருவர் இடத்தில் ஒருவர் நிற்கலாம். அக்காள் தங்கைகளும் அப்படித்தான். ஆகவே அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. அம்மாவின் அக்காள் பெரியம்மா, தங்கை சித்தி. எல்லாருமே அப்பாவும் அம்மாவும்தான். பெரிது, சிறிது என்பதுதான் வேறுபாடு. அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், அக்காள், தம்பி, தங்கை. ஆனால் உடன்பிறந்தவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருந்தால் வழி பிரிகிறது. அப்பாவின் சகோதரி அத்தை, அம்மாவின் சகோதரன் மாமா. அவர்கள் பிள்ளைகள் நமக்கு உடன்பிறப்பு முறை ஆவதில்லை. அத்தான், மச்சான், மதினி என்று வேறு பெயர் வந்துவிடும்.

இனி அவள் கேள்விக்கு வருவோம். நானும் என் தங்கையும் இரண்டு பெண்கள். அவள் பிள்ளை எனக்கு மகள். நானும் என் தம்பியும் பெண்ணும் ஆணும். அவன் பிள்ளை எனக்கு மருமகள். கொஞ்ச நேரம் விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, “அப்போ அப்பாவுக்கு உங்க பொண்ணுதான் மருமகள், சித்தப்பா பொண்ணு மகள்!” என்றாள். சரியான விடை. அப்பாவின் தம்பி ஆண், அப்பாவும் ஆண், வழி பிரியவில்லை.

அடுத்து, வாழ்க்கைத்துணையின் பெயர். சித்தப்பாவைக் கட்டியவர் சித்தி, சித்தியைக் கட்டியவர் சித்தப்பா. அத்தையைக் கட்டியவர் மாமா, மாமாவைக் கட்டியவர் அத்தை. மனிதர்கள் எத்தனை பேர் வந்தாலும், பெற்றோர் தலைமுறை அப்பா–அம்மா, மாமா–அத்தை என்ற இரண்டு வகை ஜோடிகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சொல் மாறும். யாழ்ப்பாணத்தில் அத்தையும் மாமாவின் மனைவியும் மாமிதான். பிராமணர் வீடுகளில் அத்தையின் கணவர் அத்திம்பேர்.

இந்தப் பிரிவுக்குக் காரணம் திருமணம். அத்தை மகனையோ மாமன் மகனையோ மணக்கலாம். பெரியப்பா மகனை மணக்கக் கூடாது, அவன் அண்ணன். கணவனின் பெற்றோரை இன்றும் அத்தை, மாமா என்று அழைப்பது இதனால்தான். மருமகள் என்ற சொல் தம்பி மகளுக்கும் மகன் மனைவிக்கும் பொதுவாக இருப்பதும் இதனால்தான். 1953-ல் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் திராவிட உறவுச் சொற்களை இப்படித் திருமணத்தோடு இணைத்து விளக்கினார். வெளிநாட்டில் வளரும் குழந்தை இதைக் கேட்டுப் பயந்துபோகலாம். முறை என்பது கட்டாயம் அல்ல என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். நெருங்கிய ரத்த உறவில் மணந்தால் பிள்ளைகளுக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பழைய வழக்கம் குறைந்து வருகிறது, சொல் மட்டும் நிற்கிறது.

அவளுக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. டொராண்டோவிலிருந்து ஒன்டாரியோ ஏரியின் அக்கரையில் ராசெஸ்டர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், அந்தப் பகுதியின் செனெகா பழங்குடியினர் அப்பாவின் சகோதரனை அப்பா என்றும் அம்மாவின் சகோதரியை அம்மா என்றும் அழைப்பதைக் கவனித்தார். பல நாடுகளுக்குக் கேள்விப்பட்டியல் அனுப்பினார். தமிழிலிருந்து வந்த விடையும் பெரும்பாலும் அதே அமைப்பில் இருந்தது. 1871-ல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் தமிழும் செனெகாவும் அருகருகே இடம்பெற்றன. அவள் வீட்டுக்கு எதிர்க்கரையிலேயே அவள் முறை போன்ற ஒரு முறை வாழ்ந்திருக்கிறது.

வெளிநாட்டில் பல பெற்றோர் சிரமம் வேண்டாம் என்று மாமன் மகன், அத்தை மகன் எல்லாரையும் ‘அண்ணா’ ஆக்கிவிடுகிறார்கள். அன்பில் குறை இல்லை, முறைதான் குலைகிறது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: அவன் அண்ணா என்றால் அவன் அப்பா பெரியப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருக்க வேண்டும். ஆனால் குழந்தை அவரை மாமா என்கிறது. இரண்டில் ஒன்று தவறு.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீடியோ அழைப்பில் சொந்தக்காரரைக் காட்டும்போது, ‘அங்கிளுக்கு ஹாய் சொல்லு’ என்று முடித்துவிடாதீர்கள். அவர் யாருக்கு உடன்பிறந்தவர் என்று மட்டும் சொல்லுங்கள். அவரை எப்படி அழைப்பது என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும்.